அழிக்கிறது வேற, மாறுறது வேற

அண்மையில் ஒரு கலைவிழாவில் மணல் ஓவிய நிகழ்ச்சி ஒன்று பார்த்தம். மேடையில் கீழிருந்து வெளிச்சம் வருகிற ஒளிமேசை, மேலே கமரா, பின்னால் பெரிய திரை. கலைஞர் கையில் மணலை எடுத்துத் தூவத் தொடங்கினார். கதை எங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். குதிரைமுகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி, கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி மனித முகம் பெறுகிற கதை.

குதிரைமுகத்தை அவர் வடிவாகத்தான் வரைந்தார். நீண்ட தாடை, பிடரி, தலை குனிந்த நிலை. பிறகு கேணி, இரண்டு அலைக்கோடு. அதுக்குப் பிறகு என்ன நடந்தது? உள்ளங்கையை மேசையில் வைத்து, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஒரே இழுப்பு. திரை வெள்ளை. பியானோ இசை கூடியது. அந்த வெள்ளையில் அழகான பெண் முகம் ஒன்று புதிதாக வந்தது. மண்டபம் கைதட்டியது. நாங்களும் தட்டினனாங்கள், பொய் சொல்லேல்லை.

பஸ்ஸில் திரும்பி வரேக்கை எங்களில் ஒருத்தர் கேட்டார்: “மச்சான், அந்தக் குதிரைமுகம் எங்க போனது?”

ஒருத்தரிட்டயும் பதில் இல்லை. முகம் எங்கேயும் போகேல்லை. அது துடைக்கப்பட்டது. துடைத்த இடத்தில் வேறொரு பெண் வந்து நின்றாள். இந்தக் கதையில் நடக்கிற ஒரே விசயம் ஒரு முகம் இன்னொரு முகமாக மாறுவது. அதை மட்டும் விட்டுவிட்டு மிச்சம் எல்லாத்தையும் எங்களுக்குக் காட்டினவை. இதைத்தான் அறிவிப்பாளர் ‘காட்சிகள் வழுக்கிக்கொண்டு மாறுகிற அற்புதம்’ என்று சொன்னார். எங்கட சண்டை அந்த வசனத்தோடதான்.

ஒளிமேசையில் மணல் என்ன செய்யும் என்பதை முதலில் பார்ப்பம். வெளிச்சம் கீழே இருந்து வருவதால் மணல் இருக்கிற இடம் இருட்டு, இல்லாத இடம் வெளிச்சம். தடிப்பாகக் கிடந்தால் கறுப்பு, மெல்லிசாகப் பரவினால் பழுப்பு. அவ்வளவுதான் நிறம். ஆனால் காகிதத்தில் இல்லாத ஒரு குணம் இதில் இருக்கு. கோடு ஒட்டிக்கொண்டு நிற்காது, தள்ளினால் நகரும். ஒரு உருவத்தைக் கொஞ்சம் தள்ளி ஒரு படம் எடுத்து, இன்னும் கொஞ்சம் தள்ளி அடுத்த படம் எடுத்து, அவற்றை வேகமாக ஓடவிட்டால் அதே மணல் கண் முன்னால் இன்னொன்றாகும். மணல் அசைவூட்டம் என்பது இதுதான். முந்தின படம் அழிந்தால்தான் அடுத்தது வரும், ஆனால் முந்தின படத்தின்ர மணலே அடுத்த படத்தின்ர உடம்பு.

இதை எப்படிச் செய்யலாம் என்று பார்க்க வேண்டுமென்றால் கரோலின் லீஃபின் படத்தைத் தேடிப் பாருங்கோ. அமெரிக்காவில் மாணவியாக இருக்கேக்கையே மணலில் படம் செய்யத் தொடங்கினவர் அவர். பிறகு கனடாவின் தேசியத் திரைப்படச் சபையில் சேர்ந்து 1974இல் ‘தி ஔல் ஹூ மேரிட் எ கூஸ்’ என்ற படத்தைச் செய்தார். இனுயிட் மக்களின் சின்ன ஐதீகக் கதை ஒன்று. ஆந்தை ஒன்று வாத்தை விரும்பிக் கலியாணம் கட்டுது, குஞ்சுகள் பிறக்குது. குளிர்காலம் வர வாத்துகள் தெற்கே பறக்குதுகள். ஆந்தையும் கூடவே போகுது. வாத்துகள் தண்ணியில் இறங்கி மிதக்க, ஆந்தைக்கு மிதக்க ஏலாது. தாண்டு போகுது. படம் எட்டு நிமிடம்கூட இல்லை. கதைசொல்லியின் குரல் இல்லை, பறவைச் சத்தங்கள்தான்.

அந்தப் படத்தில் ஒரு கையும் தெரியாது. கலைஞர் எவ்வளவு கெட்டிக்காரர் என்று நினைக்க எங்களுக்கு நேரமே கிடைக்காது. வெள்ளையில் கறுப்பாக ஒரு ஆந்தை மட்டும்தான் இருக்கு. வாத்தோடு சேர்ந்திருக்க அது படுகிற பாட்டை, அதுக்கு ஏலாத தன்மையை, மணலின் அசைவில் நாங்கள் பார்க்கிறம். இடையில் ஒரு கை வந்து துடைத்திருந்தால் அந்த ஆந்தை எங்களுக்கு ஆந்தையாக இருந்திருக்காது, வெறும் மணலாகியிருக்கும்.

“சும்மா குறை சொல்லாம செய்து காட்டுங்கோவன்” என்று ஒரு சீனியர் அண்ணா சொன்னார். நியாயமான கேள்வி. செய்தனாங்கள்.

பழைய யன்னல் கண்ணாடி ஒன்றை இரண்டு ஸ்டூலுக்கு மேல வைத்து, கீழே எல்ஈடி லைற், வெளிச்சம் பரவுவதற்குக் கண்ணாடிக்கடியில் ரேசிங் பேப்பர். மேலே அசையாமல் கட்டின போன். மணல் கடற்கரையில் அள்ளினது. முதல்நாள் அப்படியே பாவித்ததில் உப்பு ஈரத்தை இழுத்து மணல் கட்டிகட்டியாக நின்றது. நல்ல தண்ணியில் மூன்றுதரம் கழுவி, வெயிலில் காயவிட்டு, தேத்தண்ணி வடியால் அரித்த பிறகுதான் அது கைக்கு அடங்கியது. போனில் வெளிச்ச அளவைப் பூட்டி வைக்க வேணும். இல்லாவிட்டால் மணல் கூடக் குறைய போன் தானாகவே பிரகாசத்தை மாற்றி, படம் முழுக்க மின்னும். வெள்ளைச் சேட்டோடு குனிந்தாலும் கண்ணாடியில் தெறிப்பு விழும். ஃபான் போட ஏலாது.

செக்கனுக்கு 12 படம், மாற்றத்துக்கு நான்கு செக்கன், மொத்தம் 48 படம் என்று கணக்குப் போட்டம். எடுத்துக்கொண்டது அதே குதிரைமுகம், பக்கப்பார்வையில்.

முதல் முயற்சியில் 48 படத்துக்கும் தாடையைச் சம அளவில் உள்ளே தள்ளினனாங்கள். ஓடவிட்டுப் பார்த்தால் காத்துப் போன பந்து மாதிரி இருந்தது. இரண்டாவது முயற்சியில் கண்ணையும் ஒவ்வொரு படத்திலும் திருத்தித் திருத்தி வரைந்ததால் அது முகத்துக்குள் நடுங்கிக்கொண்டே இருந்தது. அதோடு இன்னொரு பிரச்சினை. குதிரையின் தாடை பெரிசு, பெண்ணின் தாடை சின்னது. மிஞ்சுகிற மணலை என்ன செய்கிறது? நாங்கள் விரலால் வழித்து வெளியே எடுத்தனாங்கள். அப்ப முகம் தேய்ந்து போகிற மாதிரித்தான் தெரிந்தது.

மூன்றாவது தரம் ஒரு பிள்ளை சொன்னார், பிடரி இருக்குத்தானே, அது கூந்தல்தானே என்று. அதோடு எல்லாம் சரிவந்தது. தாடையில் மிஞ்சுகிற மணலைச் சின்னத் தூரிகையால் நெற்றி வழியாக மேலே தள்ளிப் பிடரியில் சேர்த்தம். தாடை குறையக் குறைய பிடரி தடித்து, தோளுக்கு இறங்கிக் கூந்தலானது. காது இரண்டும் கடைசியில் அதுக்குள் மடிந்தது. கண்ணை முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை தொடவேயில்லை. மணலுக்குள் விட்ட ஒரு வெளிச்சத் துளை அது. முதல் 12 படத்தில் மயிரிழை அளவு நகர்வு, நடு 24இல் பெரிய நகர்வு, கடைசி 12இல் திரும்பவும் மெதுவாக. இடையில் ஒருக்கா முழங்கை பட்டு முப்பதாவது படத்தோட எல்லாம் போச்சு, முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. திரும்பிப் போக வழியில்லாத வேலை இது.

முடிந்ததை ஓடவிட்டால், நடுவில் அரைச் செக்கன்கூட இல்லாத ஒரு நேரத்துக்கு, குதிரையும் இல்லாத பெண்ணும் இல்லாத ஒரு முகம் வந்து போகுது. கண் மட்டும் அதே கண். அறையில் ஒருத்தரும் கதைக்கேல்லை. எங்கட படம் அப்படியொன்றும் திறம் இல்லை, ஓரங்களில் மணல் கொதிக்கிற மாதிரிச் சலசலக்குது. ஆனாலும் அந்த இடைமுகம்தான் கதை என்று எங்களுக்கு அப்பதான் விளங்கியது.

சோதித்துப் பார்க்க வழி லேசு. எந்த மணல் வீடியோவையும் இரண்டு படங்களுக்கு நடுவில் நிறுத்திப் பாருங்கோ. அங்கே ஒரு உருவம் இருந்தால் அது மாற்றம். உள்ளங்கையோ வெறும் வெள்ளையோ இருந்தால் அது துடைப்பு. இரண்டு படம் பேய் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிந்தால் அது எடிற்றிங், மணல் அசையவே இல்லை.

“அது படம், இது மேடை. மேடையில் அப்படிச் செய்ய நேரம் இல்லை” என்று சொல்லுவினம். மேடையில் 48 படம் எடுக்க ஏலாதுதான். கை தெரிவதும் தன்னளவில் ஒரு ரசனைதான், அதையும் மறுக்கேல்லை. ஆனால் 2009இல் உக்ரேனின் திறமைப் போட்டியில் வென்ற செனியா சிமோனோவாவின் நிகழ்ச்சியைப் பாருங்கோ. அதுவும் மேடைதான், நேரடிதான். இரண்டாம் உலகப்போர் பற்றிய அந்த நிகழ்ச்சியில் இளம்பெண்ணின் முகத்தைத் துடைத்துவிட்டுக் கிழவியை வரையேல்லை அவர். அதே முகத்திலேயே சுருக்கம் விழுத்தி விதவையாக்கினார். அதே நிகழ்ச்சியில் மணலை அள்ளி எறிந்து காட்சியைக் கலைக்கவும் செய்தார். எப்ப? போர் வரேக்கை. அங்கே அழிக்கிறதுக்கு அர்த்தம் இருக்கு, போர் அதைத்தான் செய்யும். எதை அழிக்கிறது, எதை மாற்றுகிறது என்று தெரிந்த கை அது. எங்கட மேடைகளிலோ பூ மலர்ந்தாலும் துடைப்பு, பிள்ளை பிறந்தாலும் துடைப்பு.

இதுக்கு இவ்வளவு கோபம் ஏன் என்று கேட்கலாம். குதிரைமுகப் பெண்ணை மேசையிலிருந்து வழித்துத் தள்ளிவிட்டு, வெள்ளைத் திரையில் வடிவான பெண் ஒருத்தியைக் கொண்டுவந்து வைத்தால் அந்தக் கதை என்ன சொல்லுது? உன்னை எங்களுக்கு வேண்டாம், உன்ர இடத்துக்கு வேற ஒருத்தி வந்திட்டா என்று சொல்லுது. கலைஞர் அப்படி நினைத்திருக்க மாட்டார். ஆனால் அவரின்ர கை அதைத்தான் சொன்னது. பிடரியே கூந்தலாகி, கண் அப்படியே இருந்தால், தண்ணிக்குள் இறங்கினவளும் ஏறினவளும் ஒருத்திதான் என்று மணல் சொல்லும்.

ஊர்க்காரருக்கு இது முதலே தெரியும். முகம் மாறின பிறகு அந்த ஊருக்கு அழகைப் பற்றி ஒரு பெயரும் வைக்கேல்லை. மா என்றால் குதிரை. அது விட்டுப்போன ஊர் மாவிட்டபுரம். குதிரையை ஊர் பெயரிலேயே வைத்திருக்கு, ஒளிமேசையில் நாலு செக்கன்கூட அதுக்கு இடம் குடுக்க எங்களுக்கு மனமில்லை.