பெரிய பஸ்ஸா, சின்ன டூரா? கும்பகோணத்துல போட்ட ஒரு கணக்கு

கும்பகோணம் போறோம், டூர் பஸ்ல போகலாமா, இல்ல பத்து பேரை மட்டும் கூட்டிட்டுப் போற சின்ன டூர்ல சேரலாமான்னு கிளாஸ்ல ரெண்டு பேர் கேட்டாங்க. ரெண்டுலயும் போயிட்டு வந்த அனுபவம் இருக்கறதால இந்தப் புலம்பல். பொறுமை இருக்கறவங்க மேல படிங்க :-)

முதல்ல பஸ். பாட்டிக்கு நவகிரகக் கோயில் ஒன்பதையும் ஒரே நாள்ல பாக்கணும்னு ஆசை. ஒரு சனிக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு 45 பேரோட கிளம்பினோம். திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோவில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோவில். இந்த ஆறையும் மத்தியானம் நடை சாத்தறதுக்குள்ள முடிக்கணும். அந்தப் பக்கம் பல கோயில்ல பன்னிரண்டரை வாக்குல சாத்தினா மறுபடி நாலு மணிக்குத்தான் திறப்பாங்க. மிச்சம் இருக்கற திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு மூணும் சாயங்காலம்.

காமர்ஸ் படிக்கிற புத்தி சும்மா இருக்குமா? ரெண்டாவது கோயில்லேருந்து செல்போன்ல நேரம் பாத்து எழுத ஆரம்பிச்சேன். பஸ் நின்னதும் 45 பேரும் ஒரே கதவு வழியா இறங்கி முடிக்க சுமார் 7 நிமிஷம். திரும்ப ஏறி, செருப்பு தேடி, பாத்ரூம் போனவங்களுக்குக் காத்திருந்து, தலை எண்ணி முடிக்க 12 நிமிஷம். ஆக கோயிலுக்கு 19 நிமிஷம், சாமியையே பாக்காம.

காலைல ஆறு மணிக்கு முதல் கோயில்ல இருந்தோம். நடை சாத்த பன்னிரண்டரை. மொத்தம் 390 நிமிஷம். அதுல ஓட்டம் மட்டும் பாதி, 195 நிமிஷம். மிச்ச 195ல ஏறி இறங்கினது 114. ஆறு கோயிலுக்கும் சேத்து உள்ள இருக்கக் கிடைச்சது 81 நிமிஷம், அதாவது ஒரு கோயிலுக்குப் பதிமூணு நிமிஷம் சொச்சம். வைத்தீஸ்வரன்கோவில்ல நாங்க ஓடின ஓட்டத்தைப் பாத்திருக்கணும் நீங்க.

இதே கணக்கைப் பன்னிரண்டு பேர் வேனுக்குப் போடுங்க. இறங்கி ஏற எல்லாம் சேத்து ஆறு நிமிஷம்னு வெச்சா ஆறு கோயிலுக்கு 36. உள்ள இருக்க 159 நிமிஷம், கோயிலுக்கு 26. வண்டி வேகமாப் போகலை, ரோடும் அதே ரோடுதான். ஆனா நேரம் ரெண்டு மடங்கு. அதனால டூர் நோட்டீஸ்ல "ஒன்பது இடங்கள்"னு பாத்தா எத்தனை பேர்னும் கேளுங்க. நிறுத்தம் கூடக் கூட பெரிய பஸ்ஸுக்கு நஷ்டம் பெருகிட்டே போகும்.

இவ்வளவு சொன்னாலும் அந்த பஸ் டூர் தப்புன்னு சொல்ல மாட்டேன். பாட்டிக்கு வேண்டியது தரிசனம். கியூ இல்லாத கோயில்ல பதிமூணு நிமிஷம் அதுக்குப் போதும். சாப்பாடு, தங்கற இடம், வழி எதையும் நாம யோசிக்க வேண்டாம். பக்கத்து சீட்டு அம்மா பாட்டிக்கு ரொம்ப நெருக்கம் ஆயிட்டாங்க, இன்னும் போன்ல பேசிக்கறாங்க.

ஆனா அட்டவணை இரும்பு மாதிரி. திருநாகேஸ்வரத்துல ராகுவுக்குப் பால் அபிஷேகம் ராகு காலத்துலதான் விசேஷம். பால் மேல ஊத்தும்போது நீல நிறமாத் தெரியும்னு சொல்லுவாங்க. நாங்க போனது சனிக்கிழமை, ராகு காலம் ஒன்பதுலேருந்து பத்தரை. ஒன்பதேகாலுக்கு அங்க போய்ச் சேந்ததால கிடைச்சுது. அதே பஸ் அதே நேரத்துக்கு ஞாயித்துக்கிழமை போனா? ராகு காலம் சாயங்காலம் நாலரைலேருந்து ஆறு. அந்த நேரம் பஸ் கீழப்பெரும்பள்ளம் பக்கம் இருக்கும். 45 பேரை வெச்சுக்கிட்டு வரிசையை யாரும் மாத்த மாட்டாங்க. சரி, சனிக்கிழமையே போகலாம்னா திருநள்ளாறுல அன்னிக்குத்தான் கூட்டம் அலைமோதும். கடைசிக் கோயில்ல நாங்க நின்ன கியூவைப் பத்தி எழுத இன்னொரு பதிவு வேணும்.

சின்ன வண்டியில இந்த ஒரு விஷயத்துக்காகவே வரிசையைத் திருப்பிப் போட்டுக்கலாம். ஆனா திருநள்ளாறு இருக்கற காரைக்கால், புதுச்சேரியைச் சேர்ந்தது. வண்டிக்கு அங்க போகற பர்மிட் இருக்கான்னு கிளம்பறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க. எல்லைல நிறுத்திட்டா எந்த வளைஞ்சு கொடுக்கற அட்டவணையும் உதவாது.

இப்ப வழிகாட்டி விஷயம். பஸ்ல வந்தவர் நல்லா விஷயம் தெரிஞ்சவர்தான். ஆனா டிக்கெட் சரிபாக்கறது, அர்ச்சனைச் சீட்டு வாங்கறது, தலை எண்றது, காணாமப் போன தாத்தாவைத் தேடறது எல்லாம் அவரே. அதனால பேசறதெல்லாம் ஓடற பஸ்ல மைக்ல. கோயிலுக்குள்ள ஒரு வார்த்தை இல்ல. பாதி பேர் தூக்கம்.

அடுத்த தடவை பத்து பேர் டூர்ல தாராசுரம் போனேன். கும்பகோணத்துலேருந்து 4 கிலோமீட்டர்தான். இரண்டாம் ராஜராஜன் கட்டின ஐராவதீஸ்வரர் கோயில், 2004ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்தது. அங்க 63 நாயன்மார் கதைகளும் கருவறைச் சுவரோட அடிப்பகுதியில சின்னச் சின்னச் சிற்பமா இருக்கு. ஒவ்வொண்ணும் ரொம்பக் குட்டி, குனிஞ்சாதான் தெரியும். 45 பேர் சுத்தி நின்னா முதல் வரிசை அஞ்சு பேரைத் தவிர யாருக்கும் முதுகுதான் தெரியும். அந்த வழிகாட்டி எங்களைத் தரையில உக்கார வெச்சுட்டு ஒவ்வொரு சிற்பமா விரலைக் காட்டிக் கதை சொன்னார். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கற சிற்பம் ஒண்ணு இருக்கே, அதுல ஒரு பக்க உடம்பைக் கையால மறைச்சு யானை, மறுபக்கத்தை மறைச்சு காளைன்னு காட்டினார். அந்தக் கை வித்தை மைக்ல வராது.

ஆக, நவகிரகத்துக்கு பஸ் ஓகே, தாராசுரத்துக்குச் சத்தியமா சின்ன குழுதான். ரெண்டும் ஒரே ஊர்ப் பக்கம்தான், ஆனா பாக்கப் போற பொருள் வேற.

சின்ன டூர்லயும் வில்லங்கம் உண்டு. குறைஞ்சது எட்டு பேர் சேரலைன்னா கேன்சல்னு சொல்லிட்டுதான் பணம் வாங்கினாங்க. முந்தின நாள் ராத்திரி வரைக்கும் வயித்துல புளியைக் கரைச்சுது. அப்புறம் பத்து பேர்ல ஒரு குடும்பம் நாலு பேர் இருந்தா அவங்க வெச்சதுதான் சட்டம். எங்க கூட வந்தவங்க டிகிரி காபிக்குன்னு முக்கால் மணி நேரம் இழுத்தடிச்சாங்க. பஸ்ஸா இருந்தா ஹாரன் அடிச்சே கிளப்பியிருப்பாங்க. வழிகாட்டி சொதப்பினாலும் தப்பிக்க வழியில்ல, நாள் முழுக்க அவர் குரல்தான்.

வேனை நாமளே எடுத்தா? எங்ககிட்ட நவகிரகத்துக்கு ஒரு நாளுக்கு 7,800 ரூபா கேட்டாங்க. பஸ்ல தலைக்கு 900. ஒன்பது பேர் சேந்தா வேன் மலிவு, எட்டு பேர்னா பஸ் மலிவு. பாட்டி இப்ப ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ராகு கால அபிஷேகம் பாக்கணும்னு நிக்கறாங்க. ஆறு பேர் ஆச்சு, இன்னும் மூணு பேர் வேணும். சொல்லுங்க யாராவது.