குரல் அவளுடையது... பேசியது அவள் இல்லை!

"நீயே சொல்றியேன்னு அந்த ஃபைனான்ஸ்ல ஐம்பதாயிரம் போடலாம்னு இருக்கேன்டி" என்று சித்தி போனில் சொன்னதும், என் தோழிக்குத் தூக்கிவாரிப்போட்டது. விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பதுதான் அவள் தொழில். ஆனால், அந்த ஃபைனான்ஸ் விளம்பரத்தில் அவள் பேசவே இல்லை!

நடந்தது இதுதான். தீபாவளிக்கு ஒரு ஜவுளிக்கடை விளம்பரம். அவசரத்துக்குப் பயன்படும் என்று அவளை அரை மணி நேரம் வாசிக்கவைத்துப் பதிவுசெய்து, குரல் நகலை உருவாக்கியிருக்கிறார்கள். 'என் குரலைப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்' என்ற ஒற்றை வரியில் அவளும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எதற்கு, எவ்வளவு நாளைக்கு என்று அதில் எதுவுமே இல்லை. ஜவுளிக்குக் கொடுத்த குரல், வட்டிக்கடைக்கும் போய்விட்டது.

அவள் சண்டை போட்டதும் விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள். பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில், அனுமதியின்றி அவர் குரலை நகலெடுக்க மும்பை உயர் நீதிமன்றம் 2024-ல் இடைக்காலத் தடை விதித்தது. ஆனால், எல்லோராலும் கோர்ட்டுக்குப் போக முடியுமா?

அதனால், அடுத்து வந்த பட்டுப்புடவை விளம்பரத்துக்கு அவளே ஒரு பக்க ஒப்பந்தம் எழுதினாள். இந்த ஒரு கடைக்கு மட்டும். எஃப்.எம்., யூடியூப் தவிர வேறெங்கும் கூடாது. மூன்று மாதம்தான். வசனத்தில் ஒரு வரி மாறினாலும் முன்கூட்டியே காட்ட வேண்டும், அதற்குத் தனிச் சம்பளம். கெடு முடிந்ததும் குரல் நகலை அழித்துவிட்டு, எழுத்தில் உறுதி தர வேண்டும்.

ஒளிபரப்புக்கு முன் தானே கேட்டுப் பார்ப்பேன் என்றும் சேர்த்திருந்தாள். அதுவும் நல்லதாகப் போயிற்று. 'ரூ.1,999' என்பதை மெஷின் ஆங்கிலத்தில் வாசித்திருந்தது. 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரூபாய்' என்று எழுத்தில் கொடுத்த பிறகே சரியானது.

அடுத்த பஞ்சாயத்து, அறிவிப்பு. "கடைசியில போட்டுக்கலாமே" என்றார் கடைக்காரர். யூடியூபில் ஐந்தாவது விநாடியில் ஸ்கிப் செய்துவிடுகிறோம். கடைசியில் சொன்னால் யார் காதில் விழும்? செயற்கைக் குரல் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும் என்பதுதான் 2026 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் விதியும். எனவே, 'இது கணினி உருவாக்கிய குரல், உரியவர் சம்மதத்துடன்' என்று 30 விநாடி விளம்பரம் ஆரம்பித்தது. நாலு விநாடிதான் செலவு.

சித்தி இப்போது அந்த நாலு விநாடியைக் கவனமாகக் கேட்கிறாராம். அது இல்லாமல் தெரிந்த குரல் பணம் கேட்டால், முதலில் மருமகளுக்கு... இல்லையில்லை, அக்கா மகளுக்கு ஒரு போன்! "நீதான் பேசினியாடி?"