பஞ்சாபில் நடந்த ஏலம்

"மக்கள் கடும் நிலைப்பாட்டைக் கோருகிறார்கள், தலைவர்கள் அதற்கு இணங்குகிறார்கள்." இன, மத அடையாள அரசியல் கூர்மையடையும்போதெல்லாம் முதலாளித்துவக் கட்சிகள் சொல்லும் சமாதானம் இது. பஞ்சாபின் அனுபவம் இதைப் பொய்யென நிறுவுகிறது.

1979இல் குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி கமிட்டிக்குத் தேர்தல் நடந்தது. அகாலி தளத்தை உள்ளிருந்தே பலவீனப்படுத்தும் நோக்கில், காங்கிரஸ் தலைவர்கள் சிலர் பிந்தரன்வாலேவை ஊக்குவித்ததைப் பத்திரிகையாளர்கள் விரிவாகப் பதிவு செய்துள்ளனர். சுமார் 140 இடங்களில் அவரது ஆதரவாளர்கள் வென்றவை நான்கே. மக்கள் தீர்ப்பு அவ்வளவு தெளிவாக இருந்தது.

அப்படியிருந்தும் அகாலி தலைமை அஞ்சியது. அஞ்சியது வாக்காளரைக் கண்டல்ல, தன்னைவிட "உண்மையான சீக்கியன்" என்று உரிமை கோரும் போட்டியாளரைக் கண்டு. 1982 ஏப்ரலில் சட்லஜ்-யமுனை கால்வாய்க்கு எதிராகப் பாட்டியாலா மாவட்டத்தின் கபூரி கிராமத்தில் அகாலிகள் போராடினர். மார்க்சிஸ்டுகளும் உடன் நின்றனர். அது ஆற்றுநீர்ப் பிரச்சினை. இந்து விவசாயியும் சீக்கிய விவசாயியும் சேர்ந்து நிற்கக்கூடிய களம். எதிர்பார்த்த திரளைக் கபூரி தரவில்லை. பொறுமையாக விவசாயிகளைத் திரட்டுவதற்குப் பதிலாக, ஆகஸ்டில் அதே போராட்டம் அமிர்தசரஸுக்கு மாற்றப்பட்டது. பெயர் "தர்மயுத்த மோர்ச்சா". உடன் நின்றவர் பிந்தரன்வாலே. நான்கே மாதங்களில் நீர் மதமாகியது! மதம் பேசும் மேடையில் நிதானமாகப் பேசுபவன் துரோகியாகத் தோன்றுவான். 1984 பிப்ரவரியில் அரசியலமைப்பின் 25ஆவது பிரிவின் நகலை அகாலி தலைவர்கள் எரித்தது இந்த நிர்ப்பந்தத்தின் விளைவே.

மறுபக்கமும் கைகட்டி நிற்கவில்லை. பஞ்சாபி பேசும் இந்துக்களிடம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி இந்தி என்று பதியுமாறு ஆரிய சமாஜமும் ஜனசங்கமும் பல்லாண்டுகளுக்கு முன்பே பிரச்சாரம் செய்திருந்தன. ஒரு மொழியை ஒரு மதத்தின் சொத்தாக்கிய வேலை அங்கேயே தொடங்கிவிட்டது.

பொற்கோவில் ராணுவ நடவடிக்கைக்கும் டெல்லிப் படுகொலைக்கும் பின்னர், 1985 ஜூலையில் லோங்கோவால் ராஜீவ் காந்தியுடன் ஒப்பந்தம் செய்தார். அடுத்த மாதமே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் செப்டம்பர் தேர்தலில், தீவிரவாதிகளின் புறக்கணிப்பு அழைப்பை மீறி, மக்கள் ஒப்பந்தத்தை ஏற்ற அகாலி தளத்துக்கு 117இல் 73 இடங்களை அளித்தனர். இத்தனை ரத்தத்துக்குப் பிறகும் மக்கள் கேட்டது சமரசத்தையே.

அந்தத் தீர்ப்பை வீணடித்தது ராஜீவ் அரசு. 1986 ஜனவரி 26 அன்று பஞ்சாபுக்குத் தருவதாக வாக்களித்த சண்டிகரைத் தரவில்லை. ஹரியானாவில் தேவிலால் ஒப்பந்தத்தை எதிர்த்து முழங்கிக்கொண்டிருந்தார். அவரை முந்த வேண்டிய அவசரம் காங்கிரசுக்கு. பர்னாலா அரசு வெறுங்கையுடன் நின்றது. "டெல்லியை நம்பியவனின் கதி இதுதான்" என்று துப்பாக்கிக்காரர்கள் பேச வழி பிறந்தது. அவர்களது தோட்டாக்களுக்குப் பலியானவர்களில் ஏராளமான கம்யூனிஸ்ட் தோழர்களும் அடங்குவர்.

1987 மே மாதம், ஹரியானா தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, பர்னாலா அரசும் கலைக்கப்பட்டது. கடுமை காட்டினால் ஹரியானா கைக்கு வரும் என்பது கணக்கு. 90 தொகுதிகளில் காங்கிரஸ் பெற்றவை ஐந்து.