‘செய்யப்பட்டது’ என்றால், செய்தது யார்?

கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் கல்லூரிப் பிள்ளை இருந்தால் படிக்கச் சொல்லுங்கள்.

பழவேற்காடு பக்கத்து மீனவக் கிராமத்துப் பிள்ளைகள் வேலைக்கு விண்ணப்பிக்கும் முன், தங்கள் புராஜெக்ட் அறிக்கையை என்னிடம் காட்டுவதுண்டு. பெரும்பாலும் ஒரே அச்சு. முதலில் ஏரியின் பெருமை, அடுத்து வாங்கிய பொருள்களின் பட்டியல், கடைசியில் ‘வெற்றிகரமாக முடிக்கப்பட்டது’.

அண்மையில் வந்தது, ஏரி நீரின் உப்பை அளக்கும் கருவி. மூன்று பேர் செய்தது. பிரச்சினை, என் பங்கு, செய்த விதம், விளைவு, பாடம் என்று ஐந்து தலைப்பில் மாற்றி எழுதச் சொன்னேன்.

பிரச்சினை: ‘இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி’ என்பது பொது அறிவு. முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் கடல்நீர் வரத்து குறைகிறது; மழையில் உப்பு இறங்கி, கோடையில் ஏறுகிறது; இறாலுக்கு அது பாதிப்பு. இந்த ஏற்ற இறக்கத்தைக் கிராமத்திலேயே குறைந்த செலவில் அளக்க முடியுமா? இந்தக் கேள்விதான் பிரச்சினை.

என் பங்கு: ‘வடிவமைக்கப்பட்டது, சேகரிக்கப்பட்டன’ என்றே அறிக்கை முழுதும். செய்தது யார்? படகில் போய் நீர் எடுத்ததும் அளந்து குறித்ததும் இவர். நிரல் எழுதியது நண்பர். அதை அப்படியே ‘நான்’, ‘அவர்’ என்று எழுத வைத்தேன்.

செய்த விதம்: அறிக்கையில் இல்லாத விஷயம் இங்கேதான் வெளிவந்தது. இவர்கள் வாங்கிய டிடிஎஸ் சென்சார் 1,000 பிபிஎம் வரைதான் அளக்கும். கடல்நீரோ சுமார் 35,000. அதனால் எங்கே எடுத்த நீரை வைத்தாலும் எண் உச்சத்திலேயே நின்றது. பிறகு ஒரு பங்கு ஏரி நீரில் 49 பங்கு காய்ச்சி வடித்த நீர் கலந்து அளந்து, வந்த எண்ணை 50 ஆல் பெருக்கினார்கள். புராஜெக்டின் உயிரே இதுதான். அவமானம் என்று மறைத்திருந்தார்கள்.

விளைவு: ‘துல்லியமாக அளக்கிறது’ என்ற வரியை அடித்தேன். லிட்டருக்கு 10, 20, 30 கிராம் உப்பு உள்ள கரைசல்களை அளந்திருந்தார்கள். எது அதிகம், எது குறைவு என்பதைக் கருவி சரியாகக் காட்டியது; அளவில் மட்டும் வித்தியாசம். அது உப்பை நேரடியாக அளப்பதில்லை. நீரில் மின்சாரம் பாயும் அளவை வைத்துக் கணக்கிடுகிறது. அந்த வித்தியாசத்தை அட்டவணையாகவே போடச் சொன்னேன்.

பாடம்: ‘குழுவாக வேலை செய்யக் கற்றேன்’ எந்தப் புராஜெக்டுக்கும் பொருந்தும். ‘சென்சார் வாங்கும் முன், அளக்கப்போகும் நீருக்கு அது போதுமா என்று பார்க்க வேண்டும்’ என்பது இதற்கு மட்டுமே பொருந்தும்.

தோல்வியை எழுதினால் வேலை கிடைக்காது என்று சில பெற்றோர் சொல்கிறார்கள். நான் ஏற்கவில்லை. நேர்காணலில் ‘ஏன் 50?’ என்று கேட்டால், கையால் செய்த பிள்ளை தடையில்லாமல் சொல்லும். கடையில் விலைக்கு வாங்கிய புராஜெக்டுக்கோ இரண்டாம் தலைப்பிலேயே பேனா நின்றுவிடும்.