விளக்கு எரிந்தால் சோறு கெடாதா?

ரைஸ் குக்கரின் 'வார்ம்' நிலைக்குச் சென்ற இதழில் ஒருவர் பாமாலை சூட்டியிருந்தார். காலை ஏழு மணிக்கு வடித்த சோற்றை இரவு ஒன்பதுக்குத் தாராளமாகச் சாப்பிடலாமாம். விளக்கு எரியும்வரை சோறு கெடாதாம். சந்தேகம் வந்தால் கொதிக்கச் சூடாக்கினால் போதுமாம். ஃபிரிட்ஜில் வைத்தால்தான் சோறு கல்லாகிப் பாழாகுமாம். இத்தனையும் ஒரே கட்டுரையில்!

முதலில் அந்த விளக்கு. அதற்குத் தெரிந்ததெல்லாம் மின்சாரம் வருகிறதா என்பது மட்டும்தான். சோற்றின் சூடு அதற்குத் தெரியாது. சாதாரண குக்கரில் தண்ணீர் வற்றியதும் பாத்திரத்தின் அடிப்பாகம் நூறு டிகிரியைத் தாண்டும். கீழேயுள்ள காந்தம் பிடிப்பை இழக்கும், குமிழ் 'டக்'கென்று மேலேறும். பிறகு சிறு சூடேற்றி ஒன்று விட்டுவிட்டு இயங்கும். சமைக்கும்போது இழுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட அதற்குப் போகாது. எப்போது இயங்க வேண்டும் என்பதையும் பாத்திரத்தின் அடிச்சூட்டை வைத்தே குக்கர் முடிவு செய்யும். மேலே, மூடியை ஒட்டியிருக்கும் சோறு என்ன சூட்டில் இருக்கிறது என்பது அதன் கணக்கிலேயே இல்லை.

அந்தக் கணக்கு ஏன் முக்கியம்? அரிசியில் 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற கிருமியின் வித்துகள் இருக்கும். கொதிநீரிலும் அவை சாவதில்லை. சோறு 60 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை முளைக்காமல் கிடக்கும். கீழே இறங்கி வெதுவெதுப்பானால் முளைத்துப் பெருகும். 30 முதல் 37 டிகிரி அவற்றுக்குக் கொண்டாட்டம்.

இப்போது ஒரு வீட்டைப் பார்ப்போம். ஏழு மணிக்குச் சோறு தயார். எட்டு மணிக்கு டிபன் பாக்ஸ் கட்டியதும் பாத்திரத்தில் மிஞ்சுவது கால் பங்கு. பத்து மணிக்குக் கரண்ட் போகிறது, பன்னிரண்டரைக்கு வருகிறது. கொஞ்சச் சோறு, லேசான மூடி, இரண்டரை மணி நேரம். 60 டிகிரியிலிருந்து அது எப்போதோ இறங்கிவிட்டிருக்கும். கரண்ட் வந்ததும் அந்தச் சிறு சூடேற்றி, இறங்கிய சோற்றை மெல்ல மெல்ல மேலே தள்ளும், அதுவும் கிருமிக்குப் பிடித்த சூட்டின் வழியாகவே. விளக்கு மட்டும் உடனே பளிச்சென்று எரியும். மாலையில் வீடு திரும்புபவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. கட்டுரையாளர் 'காவல்' என்று கொண்டாடும் விளக்கின் லட்சணம் இது. ஆறிய சோற்றை வார்மில் போட்டுச் சூடாக்க நினைப்பதும் இதே தவறுதான்.

சரி, 'கொதிக்கச் சூடாக்கினால் போதும்' என்கிறாரே? கிருமி சாகலாம், அது சோற்றில் விட்டுவைத்த நஞ்சு சாகாது. வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் தாங்கும். பிரஷர் குக்கரே தோற்கும் இடத்தில் அவருடைய வாணலி என்ன செய்துவிடும்? சோறு நூல் விட்டிருந்தால், ஊசிப்போன வாடை அடித்தால் மூக்கு சொல்லும். நஞ்சுக்கு வாடையே கிடையாது. சாப்பிட்ட ஆறு மணி நேரத்துக்குள் வயிறுதான் சொல்லும்.

கரண்ட் போகவே இல்லை, சூடும் குறையவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவர் சாப்பிடுவது சோறல்ல, சோற்றின் மிச்சம். மூடியில் படியும் ஆவி சொட்டி மேற்சோறு நசநசக்கும். ஓரம் வறண்டு விறைக்கும், அடிச்சோறு பொறுக்காகும். மாவுச்சத்தும் புரதமும் நாள் முழுக்கச் சூட்டில் கிடந்து வெள்ளைப் பொன்னி மஞ்சளாகும், ஒரு பழஞ்சூட்டு வாடையும் ஏறும். இதை எதனாலும் திருப்ப முடியாது.

அவர் பழித்த ஃபிரிட்ஜ் சோறோ திரும்பி வரும். குளிரில் மாவுச்சத்து இறுகுவதால்தான் அது கல்லாகிறது. இரண்டு கரண்டித் தண்ணீர் தெளித்து இட்லிப் பானையில் ஆவி காட்டினால் அந்த இறுக்கம் தளர்ந்துவிடும். வடித்த ஒரு மணி நேரத்துக்குள் அகலத் தட்டில் பரப்பி, ஆவி அடங்கியதும் மூடி உள்ளே வைத்தால் போதும். மறுநாள் ஒரே முறை, ஆவி பறக்கச் சூடாக்கலாம்.

சூட்டைத் தானே கண்காணிக்கும் விலையுயர்ந்த குக்கர்களைச் செய்பவர்களே வெறும் வெள்ளைச் சோற்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்தை எல்லையாகச் சொல்வதுண்டு. குமிழ் வைத்த குக்கருக்கு நான் தருவது நான்கைந்து மணி நேரம், அதுவும் கரண்ட் போகாத நாளில். கட்டுரையாளரின் பதினான்கு மணி நேரம் எந்தக் கணக்கில் வந்தது?

அவர் என்னை நம்ப வேண்டாம். மதியம் ஒரு சமையல் தெர்மாமீட்டரை மேற்சோற்றில் ஒரு தடவை, ஓரத்தில் ஒரு தடவை குத்திப் பார்க்கட்டும். இரண்டிலும் 60க்கு மேல் காட்டினால் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறேன். இரவு ஒன்பது மணிக்கு மட்டும் அழைக்க வேண்டாம்.