கேட்காரர் எழுதிய ரிப்போர்ட்டை ஏன் வாபஸ் வாங்கச் சொல்லக் கூடாது

எங்க ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவுல ஒரு ரயில்வே கேட் இருக்கு. ஒற்றை லைன். போன வாரம் காலையில் கேட் இறங்கிக்கொண்டிருந்தபோது ஊர்ப் பையன் ஒருத்தன் பைக்கோடு உள்ளே நுழைந்துவிட்டான். கேட்கீப்பர் அதை ரிப்போர்ட்டாக எழுதி அனுப்பினார். வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருத்தன் என்பதால் சாட்சிக் கையெழுத்து போட்டேன். அன்றைக்குச் சாயந்திரமே பையனின் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. "அண்ணே, நம்ம புள்ள. யாருக்கும் ஒண்ணும் ஆகல. அந்த ஆளுகிட்ட சொல்லி எழுதுனத வாபஸ் வாங்க வைங்க"ன்னு கேட்டாங்க. டீக்கடையில் பேசியவர்களும் அதையேதான் சொன்னாங்க. "ரெண்டு நிமிஷ விஷயத்துக்கு ஒரு பையன் பேரைக் கெடுக்கணுமா?"

எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஏன் இல்லை என்று சொல்ல, அந்த ரிப்போர்ட்டில் என்ன இருந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

மொத்தமே ஆறேழு வரிதான். 7.52-க்கு ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கேட்டை மூடச் சொன்னார். 7.53-க்கு மூட ஆரம்பித்தேன். 7.54-க்கு, கம்பம் பாதிக்கு மேல் இறங்கிய நிலையில், இன்ன நம்பர் இருசக்கர வாகனம் ஊர்ப் பக்கமிருந்து நுழைந்தது. உள்ளே சிக்கியதால் கம்பத்தைத் திரும்பத் தூக்க வேண்டியதாயிற்று. அந்த நேரத்தில் இரண்டு பக்கமிருந்தும் மற்ற வண்டிகள் நுழைந்தன. 7.59-க்குப் பாதை காலியானது. 8.01-க்கு கேட் மூடிப் பூட்டப்பட்டது. வண்டி 7.56 முதல் 8.02 வரை சிக்னலில் நின்றது. கம்பத்துக்குச் சேதம் இல்லை. அவ்வளவுதான். பையன் திமிர் பிடித்தவன் என்றோ, என்னைத் திட்டினான் என்றோ ஒரு வார்த்தை கிடையாது. திட்டினான் என்பது எனக்குத் தெரியும்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சந்தேகம் வரும். ஒரு பைக் நுழைந்தால் அது அந்தப் பக்கம் போய்விடுமே, ஏன் கேட்டைத் தூக்க வேண்டும்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. எங்க கேட்டில் இரண்டு பக்கக் கம்பமும் ஒரே கைப்பிடியில் இரும்புக் கயிறு வழியாக ஓடுகின்றன. கேட்காரர் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற இரண்டும் சேர்ந்தே இறங்கும். பைக்காரன் இந்தப் பக்கக் கம்பம் நெஞ்சு உயரத்தில் இருக்கும்போது தலையைக் குனிந்து நுழைகிறான். தண்டவாளத்தின் மேல் பலகையும் கல்லுமாக இருப்பதால் வேகமாகப் போக முடியாது. அவன் தட்டுத்தடுமாறி அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது அங்கே கம்பம் இடுப்புக்குக் கீழே வந்துவிட்டது. முன்னாலும் கம்பம், பின்னாலும் கம்பம். அன்றைக்குப் பையனின் வண்டியில் முன்னால் ஒரு யூரியா மூட்டை வேறு இருந்தது. வண்டியைச் சாய்க்கவும் முடியவில்லை.

இப்போது கேட்காரர் முன்னால் இரண்டே வழி. தொடர்ந்து சுற்றினால் ஆள் உள்ளே மாட்டிக்கொள்வான். தூக்கினால் அவன் ஒருத்தன் வெளியே போக, காத்திருக்கிற பத்துப் பேர் உள்ளே வருவார்கள். ஏன்னா, கம்பம் மேலே போகிறதைப் பார்த்தால் யாருக்கும் காரணம் தெரியாது. "தொறந்துட்டான்"னு நினைச்சு வண்டியை எடுப்பாங்க. அன்றைக்கு நடந்ததும் அதுதான். ஊர்ப் பக்கமிருந்து ரெண்டு பைக், எதிர்ப் பக்கமிருந்து ஒரு குட்டி லாரி. தண்டவாளத்துக்கு மேல் ரெண்டும் நேருக்கு நேர். யார் பின்னால் எடுப்பது என்று ஒரு சண்டை. 7.54-லிருந்து 7.59 வரை ஓடிய ஐந்து நிமிஷம் இதுதான்.

ரயில் ஏன் வந்து மோதவில்லை என்பது அடுத்த கேள்வி. எங்க கேட் சிக்னலோடு பிணைத்த கேட். இன்டர்லாக் என்று சொல்வார்கள். கம்பம் முழுசாக இறங்கி, அதைப் பூட்டி, அந்தச் சாவியைக் கேட் அறையில் இருக்கிற பெட்டியில் போட்டுத் திருப்பினால்தான் ஸ்டேஷனில் சிக்னல் கொடுக்க முடியும். கேட் திறந்திருக்கும்வரை சிக்னல் சிவப்புதான். அதனால் வண்டி தூரத்திலேயே நின்றது. உள்ளே இருந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்றால் அந்தப் பூட்டும் சாவியும் காரணம்.

எல்லாக் கேட்டும் இப்படிக் கிடையாது. சிக்னலோடு பிணைக்காத கேட்டுகளும் இருக்கின்றன. அங்கே ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொல்வார், கேட்காரர் மூடிவிட்டு ஒரு ரகசிய எண்ணைச் சொல்வார். பிரைவேட் நம்பர் என்று பேர். தாளில் அச்சடித்திருக்கிற எண்களில் ஒன்றைச் சொல்லி, சொன்னதை அடித்துவிட வேண்டும். "கேட் மூடியாச்சு" என்பதற்கு அந்த நம்பர்தான் உத்தரவாதம். கம்பம் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று சிக்னலுக்குத் தெரியாது. 2025 ஜூலை 8-ம் தேதி கடலூர் பக்கம் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மேல் ரயில் மோதி மூன்று பிள்ளைகள் செத்தார்களே, அந்த கேட் இந்த வகை. ரயில் வருகிற நேரத்தில் வேன் தண்டவாளத்தின் மேல் இருந்தது. அங்கே தடுக்க ஒரு மனுஷனைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அந்த மாதிரி கேட்டில் எங்க ஊர்ப் பையன் நுழைந்திருந்தால் என்ன ஆகும்? நம்பரைச் சொல்வதற்கு முன்னால் நுழைந்தால், கேட்காரர் நம்பர் சொல்லாமல் இருக்கலாம். வண்டி கிளம்பாது. நம்பரைச் சொன்ன பிறகு யாராவது கெஞ்சி, திட்டி, மிரட்டித் திறக்க வைத்தால், ரயிலை நிறுத்த அவர் சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தில் ஓட வேண்டும். முழு வேகத்தில் வரும் ரயில் நிற்க ஒரு கிலோமீட்டர் போல ஆகும். விதிப்படி 600 மீட்டரில் ஒரு பட்டாசு, 1,200 மீட்டரில் மூன்று பட்டாசு தண்டவாளத்தில் வைக்கணும். இஞ்சின் ஏறினால் வெடித்து டிரைவருக்குத் தெரியும். ஒற்றை ஆள் ஓடி ஓடி எவ்வளவு தூரம் போவார்?

இப்ப ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். "யாருக்கும் ஒண்ணும் ஆகல, எதுக்கு எழுதணும்" என்கிறார்கள். ஒன்றும் ஆகாததால்தான் எழுத வேண்டியிருக்கிறது. ரயில் ஆறு நிமிஷம் நின்றது ஏற்கெனவே பதிவாகிவிட்டது. எந்த வண்டி எந்த இடத்தில் எத்தனை நிமிஷம் நின்றது என்பது கன்ட்ரோல் ஆபீஸுக்குத் தெரியும். 7.52-க்கு ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்ததும் ஸ்டேஷன் புத்தகத்தில் இருக்கும். 7.52-க்குச் சொல்லியும் 8.01 வரை ஏன் கேட் பூட்டவில்லை என்று யாராவது கேட்டே தீருவார்கள். நடுவில் இருக்கிற ஒன்பது நிமிஷத்துக்குப் பதில் அந்த ஆறேழு வரி. அதை எடுத்துவிட்டால் அந்த ஒன்பது நிமிஷமும் கேட்காரர் தூங்கிய நேரமாகிவிடும். மெமோ அவருக்கு வரும், பையனுக்கு வராது. "வாபஸ் வாங்கு" என்பதற்கு அர்த்தம் "பழியை நீ எடுத்துக்கோ" என்பதுதான். அதைச் சொல்லிக்கொண்டு நான் அவர் முன்னால் போய் நிற்க முடியாது.

பையனுக்கு ஜெயில்தான் என்று வேறு பயமுறுத்தியிருக்கிறார்கள். 1989-ம் வருஷ ரயில்வே சட்டத்தில் 160-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மூடிய கேட்டை அத்துமீறித் திறந்தால் மூணு வருஷம் வரை, உடைத்தால் அஞ்சு வருஷம் வரை சிறை என்கிறது. இவன் திறக்கவும் இல்லை, உடைக்கவும் இல்லை. கேட் அப்போது முழுசாக மூடவும் இல்லை. கம்பத்துக்குச் சேதம் இல்லை என்று கேட்காரர் எழுதியிருப்பது இவனுக்குத்தான் சாதகம். எனக்குத் தெரிந்து இது ரயில்வே போலீஸ் கூப்பிட்டு விசாரித்து அபராதம் போடுகிற அளவு விஷயம். கட்டட்டும். கம்பம் அவன் மேல் பட்டு வளைந்திருந்தால் கதையே வேற. வளைந்த கம்பத்தில் பூட்டு விழாது, பூட்டு விழாவிட்டால் சிக்னல் விழாது. சரிபண்ண ஆள் வருகிறவரை ஒவ்வொரு ரயிலும் நின்று நின்றுதான் போகணும்.

பையன் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லணும். அந்த நேரம் பால் ஊற்றுகிற நேரம், பள்ளிக்கூட நேரம். கேட் விழுந்தால் எப்போது தூக்குவார்கள் என்று யாருக்கும் தெரியாது. சில நாள் அஞ்சு நிமிஷம், சில நாள் இருபது நிமிஷம். அந்தப் பயத்தில்தான் கடைசி நொடியில் நுழைகிறார்கள். அதனால்தான் ரிப்போர்ட் இருக்க வேண்டும் என்கிறேன். ஒரு கேட்டில் காலை எட்டு மணியைச் சுற்றியே இப்படி அடிக்கடி நடக்கிறது என்பது எழுதினால்தானே தெரியும்? தெரிந்தால், ரோட்டின் நடுவில் கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடுப்புக் கல் வைத்து, வரிசையைத் தாண்டி எதிர்ப் பக்கத்தில் பைக்குகள் முன்னேறி வருவதை நிறுத்தலாம். அன்றைக்கு லாரி மாட்டியதற்கும் காரணம் அதுதான். ரெண்டு பைக்கும் லாரி வர வேண்டிய பாதையில் நின்றன. எழுதாமல் விட்டால் அந்தக் கேட்டில் எதுவுமே நடக்கவில்லை என்றுதான் மேலே கணக்கு.

ஊருக்கு லீவில் வருகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. மணி அடித்து, கம்பம் அசைந்துவிட்டால் நின்றுவிடுங்கள். தப்பித்தவறி உள்ளே மாட்டிக்கொண்டால் கேட்காரரிடம் கத்தாதீர்கள். கேட் பூட்டி சிக்னல் கொடுத்த பிறகு அவர் நினைத்தாலும் உடனே திறக்க முடியாது. வண்டியைத் தண்டவாளத்திலிருந்து தள்ளி, கம்பத்தை ஒட்டி ஓரமாக விட்டுவிட்டு, நீங்கள் மட்டும் குனிந்து வெளியே வந்துவிடுங்கள். வண்டி அங்கேயே நிற்கட்டும். ரயில் போனதும் எடுத்துக்கொள்ளலாம்.

பையனின் அப்பாவிடம் நேற்று இவ்வளவையும் சொன்னேன். கோபம் போகவில்லை. ஆனால் கேட்காரரைப் பார்க்கப் போவதில்லை என்று சொன்னார். இப்போதைக்கு அது போதும்.