நடக்கப் போகுமுன் சாப்பிடுவதா வேண்டாமா? முதலில் உங்கட குளிசையைப் பாருங்க

சுபஹுக்குப் பிறகு எங்கட கடற்கரை ரோட்டில் நடக்கிறவர்களில் பாதிப்பேர் சீனி வருத்தக்காரர்கள்தான். அவர்களிடையே இரண்டு கட்சி இருக்கிறது. வெறும் வயிற்றில் நடந்தால்தான் சீனி இறங்கும் என்பது ஒரு கட்சி. நாலு பிஸ்கட்டும் பிளேன்டீயும் குடிக்காமல் போனால் மயங்கி விழுவோம் என்பது மற்றக் கட்சி. என்னைக் கேட்டால், இரண்டு பேரும் கேள்வியையே பிழையாகக் கேட்கிறார்கள். நடக்குமுன் சாப்பிட வேண்டுமா என்பதை முதலில் தீர்மானிப்பது நீங்கள் போடுகிற மருந்துதான்.

மெட்போமின் மட்டும் போடுகிறவருக்கு நடையால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவது மிகவும் அரிது. முக்கால் மணித்தியால நடைக்கு அவருக்கு பிஸ்கட் தேவையில்லை. தண்ணீர் போதும். கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட், டொல்பியூட்டமைட் போன்ற குளிசைகளோ இன்சுலின் ஊசியோ எடுப்பவரின் கதை வேறு. அந்தக் குளிசைகள், நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். அதே நேரத்தில் நடக்கிற தசைகளும் இரத்தத்திலிருந்து சீனியை இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் சீனி மளமளவென்று இறங்கும். உங்கட கிளினிக் கொப்பியை எடுத்து மருந்தின் பெயரைப் பாருங்க. விளங்காவிட்டால் பாமசியில் காட்டிக் கேளுங்க.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 58 வயது ஆள். மெட்போமினும் கிளிக்ளசைட்டும் போடுகிறார். இரவு 8 மணிக்குச் சாப்பிட்டவர், காலை 5 மணிக்கே குளிசையைப் போட்டுவிட்டு 5.30க்கு நடக்கப் போகிறார். 6.10 ஆகும்போது வியர்க்கிறது, கை நடுங்குகிறது. நடந்த களைப்பு என்று நினைக்கிறார். நடந்த வியர்வை உட்கார்ந்தால் அடங்கும். சீனி இறங்கிய வியர்வை உட்கார்ந்தாலும் அடங்காது; உடம்பு குளிரும், பசிக்கும், கோபம் வரும், பேச்சுத் தடுமாறும். பிரஷருக்கு அட்டெனலோல் போன்ற குளிசை போடுகிறவருக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம். வியர்வை மட்டும்தான் மிஞ்சும்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் மீட்டர் 62 காட்டுகிறது. பயத்தில் நாலு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணீர், மூன்று தேங்காய் ரொட்டி, இரண்டு வாழைப்பழம் எல்லாம் உள்ளே போகிறது. 9 மணிக்குப் பார்த்தால் 240. "நடந்தா எனக்கு சீனி கூடுது" என்று அடுத்த நாளிலிருந்து நடையை விட்டுவிடுகிறார். சீனியை ஏற்றியது நடை இல்லை. இறங்கியதற்குப் பயந்து சாப்பிட்ட சாப்பாடு.

அவர் செய்திருக்க வேண்டியது இதுதான். கிளிக்ளசைட் காலைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டிய குளிசை. நடந்து வந்து, சாப்பாடு தயாரான பிறகு போட்டிருக்கலாம். போகுமுன் மீட்டரில் பார்த்து, 90க்குக் கீழே என்றால் ஒரு வாழைப்பழமோ மூன்று பேரீச்சம்பழமோ சாப்பிட்டுவிட்டுப் போகலாம். வழியில் 70க்குக் கீழே இறங்கினால் நடையை நிறுத்தி, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். மீட்டர் கையில் இல்லாமல் அந்த அறிகுறிகள் தெரிந்தாலும் அதுவேதான். சொக்லட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதமாக்கும். 15 நிமிடத்தில் திரும்பப் பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு தடவை குடிக்க வேண்டும். ஏறிய பிறகு வழமையான அளவு காலைச் சாப்பாடு மட்டும்தான். நடந்ததற்காக ஒரு ரொட்டி கூடுதலாகத் தேவையில்லை. மயங்கிய ஆளின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.

என் கருத்து, இந்தக் குளிசை போடுகிறவர்களுக்குச் சாப்பிட்ட பிறகு நடப்பதே நல்லது. இராச்சாப்பாட்டுக்குப் பிறகு 15 நிமிடம் நடந்தாலும், சோறு ஏற்றுகிற சீனியை அது பிடித்து வைக்கும். இறங்குகிற பயமும் குறைவு. ஆனால் நீண்ட நடைக்குப் பிறகு இரவிலும் சீனி இறங்கலாம் என்பதை வீட்டில் உள்ளவர்களும் தெரிந்திருக்க வேண்டும்.

டொக்டரிடம் எப்போது போவது? ஒரு கிழமையில் இரண்டு தடவை 70க்குக் கீழே போனாலோ, ஒரே தடவை என்றாலும் தடுமாறினாலோ, அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டாம். குளிசையின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம். அதை டொக்டர்தான் செய்ய வேண்டும், நாங்களாக நிறுத்தக் கூடாது. காலையில் 250க்கு மேல் இருந்து உடம்பும் சரியில்லை என்றால் அன்று நடக்காமல் டொக்டரைக் காணுங்க. நடக்கும்போது நெஞ்சு இறுகினால் அது சீனிக் கணக்கே இல்லை. நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்க.

போகும்போது நேரம், மீட்டர் அளவு, அதற்கு முன் சாப்பிட்டது, குளிசை போட்ட நேரம் இந்த நாலையும் எழுதிக் கொண்டு போங்க. இரண்டு நிமிடத்தில் ஆளைப் பார்க்க வேண்டிய டொக்டருக்கு அந்த ஒரு பக்கம் பெரிய உதவி.